லாபக் கோடும் அதைச் சுற்றிய பட்டையும்: மூன்று வருட அனுபவம்

நிஃப்டி ஃபியூச்சர்ஸில் நாளுக்கு ஒரே ஒரு டிரேடு, அதுவும் எனக்குப் பிடித்த அமைப்பு வந்தால் மட்டும். 2022 தொடக்கத்திலிருந்து இதுதான் என் வழக்கம். வருடத்துக்குச் சுமார் 150 டிரேடு தேறும். முதல் நாளிலிருந்தே கூட்டு லாபத்தைக் கோடாக வரைந்து, அதன் மேலும் கீழும் "வெறும் அதிர்ஷ்டமே இவ்வளவு தூரம் கொண்டுபோகும்" என்று காட்டும் பட்டையையும் போட்டு வருகிறேன். அந்தப் பட்டை எனக்கு நல்லதும் செய்திருக்கிறது, ஒரு முறை நன்றாக ஏமாற்றியும் இருக்கிறது.

வரைவது சுலபம். ஸ்ப்ரெட்ஷீட்டில் A-யில் தேதி, B-யில் டிரேடு எண், C-யில் செலவெல்லாம் போக நிகர லாபம் அல்லது நஷ்டம்.

```
H1: =STDEV(C2:C2000)
D2: =SUM(C$2:C2)
E2: =1.96*$H$1*SQRT(B2)
F2: =-E2
```

D, E, F மூன்றையும் கீழே இழுத்துவிட்டுக் கோட்டு வரைபடமாகப் போட்டால் போதும். D நம் கோடு. E-யும் F-உம் பூஜ்யத்திலிருந்து விசிறி மாதிரி விரியும். நமக்குத் திறமை எதுவுமே இல்லை, சராசரி சரியாகப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒரு குறிப்பிட்ட டிரேடு எண்ணில் கோடு இந்த விசிறிக்குள் இருக்க வாய்ப்பு 95 சதவீதம். விசிறி வர்க்கமூல வேகத்தில் விரிகிறது, உண்மையான திறமையோ டிரேடு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் சேர்கிறது. அதனால் திறமை இருந்தால் என்றாவது ஒரு நாள் கோடு வெளியே வந்தே தீரும். அந்த "என்றாவது" எப்போது என்பதில்தான் சிக்கல்.

C-யில் ரூபாயைப் போடாதீர்கள். நிஃப்டி லாட் 2024 ஏப்ரலில் 50-லிருந்து 25 ஆனது, அதே வருடம் நவம்பரில் 75-க்குப் போனது. ரூபாயில் வரைந்தால் அது என் முடிவுகளின் கதையாக இருக்காது, லாட் அளவின் கதையாக இருக்கும். நான் ஸ்டாப்லாஸை ஓர் அலகாக வைத்திருக்கிறேன். என் ஸ்டாப் 40 புள்ளி. 40 புள்ளி போனால் -1, 60 புள்ளி கிடைத்தால் +1.5. லாட் என்னவாக இருந்தாலும் அலகு மாறாது. H1-இல் வரும் என் திட்ட விலக்கம் 1.2 அலகு.

இனி ஏமாந்த கதை. 70-வது டிரேடில் என் கோடு 21 அலகில் இருந்தது. பட்டையின் மேல் விளிம்பு அங்கே 19.7. கோடு வெளியே! ஐந்து சதவீத வாய்ப்பைத் தாண்டிவிட்டோம், இனி இது திறமைதான் என்று முடிவு கட்டி, ஒரு லாட்டை இரண்டாக்கினேன். 160-வது டிரேடில் கோடு 4 அலகுக்கு வந்து நின்றது. அலகுக் கணக்கில் இன்னமும் லாபம்தான். ரூபாயில்? முதல் 70 டிரேடில் 42,000 சம்பாதித்தேன். பிறகு இறங்கிய 17 அலகும் இரண்டு லாட்டில் இறங்கியதால் 68,000 போனது. நிகரம் 26,000 நஷ்டம்.

எங்கே தப்பு? அந்த 95 சதவீதம், முன்கூட்டியே முடிவு செய்த ஒரே ஒரு டிரேடு எண்ணில் ஒரே ஒரு முறை பார்ப்பவருக்கானது. நானோ தினமும் சாயங்காலம் பார்த்தேன். திறமையே இல்லாத கோட்டைக்கூட 100 முறை அப்படிப் பார்த்தால், எங்காவது ஒரு முறையாவது வெளியே எட்டிப்பார்க்க வாய்ப்பு 37 சதவீதம். 1000 முறை பார்த்தால் பாதிக்கும் மேல். காத்துக்கொண்டிருந்து, அது எட்டிப்பார்த்த நாளில் நான் கைதட்டியிருக்கிறேன்.

தினமும் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. அதனால் விசிறியோடு கூட நேர்க்கோடு ஒன்றும் போட்டேன். மொத்தம் எத்தனை டிரேடுக்குப் பிறகு தீர்ப்பு என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். என் எண் 400. பிறகு திட்ட விலக்கத்தை 400-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 2.24-ஆல் பெருக்கினால் 54 அலகு வருகிறது. மேலே 54-லும் கீழே -54-லும் படுக்கைக் கோடு. 400 டிரேடுக்குள் எத்தனை முறை பார்த்தாலும், திறமையில்லாத கோடு இவற்றில் ஒன்றைத் தொட வாய்ப்பு மொத்தமாகவே சுமார் ஐந்து சதவீதம்தான். என் 21 அலகு இதன் பாதியைக்கூடத் தொடவில்லை.

பட்டை முழுக்கப் பொய் சொல்லும் இடமும் உண்டு. நண்பர் ஒருவர் 2023 ஏப்ரலிலிருந்து வாராவாரம் புட் ஆப்ஷன் விற்றார். வாரத்துக்குச் சராசரியாக முதலில் 0.8 சதவீதம், திட்ட விலக்கம் 0.6. அறுபது வாரத்தில் 48 சதவீதம் லாபம், பட்டை விளிம்போ 9-இல். கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. "உன் பட்டைக்கே நான் அடங்கல பாத்தியா?" என்று சிரிப்பார். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்தது. அவருக்கு அன்று 31 சதவீதம் போனது. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் திட்ட விலக்கம் 0.6-லிருந்து 4-க்கு மேல் தாவியது. பட்டை விளிம்பு 63 ஆனது. அவருடைய மிச்சம் 17, பட்டைக்குள் பத்திரமாக. இன்னும் வராத நஷ்டத்தை STDEV-க்குத் தெரியாது. ஆப்ஷன் விற்பவர்கள் தாங்கள் தாங்கக்கூடிய மோசமான நாளை ஒரு வரியாகத் தாங்களே சேர்த்துவிட்டு வரைவது மேல். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கோடு தெரிந்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

என் 400-வது டிரேடு 2024 செப்டம்பரில் முடிந்தது. கோடு 24 அலகில். விசிறி விளிம்பு 47, படுக்கைக் கோடு 54. அதாவது தீர்ப்பு இல்லை. திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சராசரி 0.06 அலகு என்பது உண்மையாகவே இருந்தால்கூட, கோடு விசிறியைத் தொட எத்தனை டிரேடு வேண்டும்? 1.96-ஐ 1.2-ஆல் பெருக்கி 0.06-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1537. என் வேகத்தில் பத்து வருடம்.

பத்து வருடமும் சந்தை அப்படியே இருக்காது. அடுத்த மாதமே மாறியது. 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனை மேல் எஸ்டிடி வரி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. நிஃப்டி 25,000-இல் இந்த வித்தியாசம் டிரேடுக்கு 1.9 புள்ளி. கேட்டால் சிரிப்பு வரும். என் 40 புள்ளி ஸ்டாப்பில் அது 0.047 அலகு. 0.06-இல் 0.047 போனால் மிச்சம் 0.013. அதை நிரூபிக்க முப்பதாயிரத்துக்கும் மேல் டிரேடு வேண்டும்.

வரைபடத்தில் அக்டோபர் 1-இல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டு, அங்கிருந்து கணக்கைப் பூஜ்யத்தில் மறுபடி தொடங்கினேன். ஸ்டாப்பை 100 புள்ளியாக்கி, இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் டிரேடுகளுக்கு மாறிவிட்டேன். அந்த அளவில் வரி உயர்வு 0.019 அலகுதான். ஆனால் வருடத்துக்கு 40 டிரேடுகூடத் தேறுவதில்லை. லாட் இன்னமும் ஒன்றுதான்.