தேடல் பெட்டியா, மெனுவா, சைட்மேப்பா: ஒரு படிவத்துக்காக அலைந்த அனுபவம்

பெங்களூரு அல்சூரில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள்தான். பிறப்பு, இறப்புப் பதிவு சம்பந்தமாக யாருக்கு எது வேண்டுமென்றாலும் கடைக்குத்தான் வருவார்கள். அதனால் ஒரே அரசுத் தளத்தை நான்கு வருஷமாக, அநேகமாகத் தினமும், திறந்துகொண்டிருக்கிறேன். படிவம் தேட அதில் மூன்று வழிகள் உண்டு. மேலே தேடல் பெட்டி, இடப்பக்கம் மெனு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் சைட்மேப். எது எதற்கு உதவும் என்பது எனக்குப் பிடிபட்டது ஒரு அக்காவின் வேலையில்தான்.

அக்கா 1971-ல் வீட்டிலேயே பிறந்தவர். அந்தக் காலத்தில் யாரும் போய்ப் பதியவில்லை. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், அம்மாவுக்கு கிரீன் கார்டு போடுகிறாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், "எங்கள் பதிவேட்டில் இந்தப் பிறப்பு இல்லை" என்று அலுவலகமே எழுதித் தரும் சான்றும், அதோடு வேறு ஆதாரங்களும் வேண்டும். ஆங்கிலத்தில் நான்-அவைலபிலிட்டி சர்டிபிகேட், சுருக்கமாக என்.ஏ.சி. "தம்பி, ஃபார்ம் மட்டும் எடுத்துக் குடுப்பா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார் அக்கா. பத்து நிமிஷ வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

தேடல் பெட்டியில் `NAC` என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. `non availability` அடித்தேன், அதற்கும் இல்லை. நடுவில் கோடு போட்டு `non-availability` என்று அடித்ததும் இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று பழைய சுற்றறிக்கை, இன்னொன்று `Form 10 Non-Availability Certificate`. திறந்து பார்த்தால் உள்ளேயும் அதே பெயர். பிரிண்ட் எடுத்து, அக்காவிடம் கேட்டுக் கேட்டு நிரப்பி, கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அக்கா அதே தாளோடு திரும்பி வந்தார். "இது நாங்க குடுக்குறதும்மா, நீங்க குடுக்குறது இல்லைன்னுட்டாங்க" என்றார். இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருக்கிறார். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 17-வது பிரிவு, பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சொல்லும் உரிமையை யாருக்கும் தருகிறது. தேடிக் கிடைத்தால் பதிவின் நகல் தருவார்கள். கிடைக்காவிட்டால் பதிவாளர் 10-ம் எண் படிவத்தில் "இல்லை" என்று எழுதித் தருவார். 5-ம் எண் பிறப்புச் சான்றிதழ், 6-ம் எண் இறப்புச் சான்றிதழ். இந்த மூன்றுமே அலுவலகத்திலிருந்து நம் கைக்கு வருபவை. நாம் எழுதிக் கொடுக்க வேண்டியது "தேடிப் பாருங்கள்" என்கிற விண்ணப்பம். நமக்கு வேண்டியது "இல்லை" என்ற சான்று, ஆனால் விண்ணப்பத்தின் பெயரில் "இல்லை" என்ற சொல்லே கிடையாது. சர்ச், எக்ஸ்ட்ராக்ட் என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கும். தப்பான சொல்லை எத்தனை விதமாக அடித்தாலும் சரியான தாள் வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

சொல் தெரிந்த பிறகும் தேடல் பெட்டி கைகொடுக்கவில்லை. அது எதைத்தான் தேடுகிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன், எந்தத் தளத்திலும் நீங்களும் செய்யலாம். அந்தத் தளத்திலேயே இருக்கிற ஒரு பி.டி.எஃப்பைத் திறந்து, நடுப்பக்கத்திலிருந்து வழக்கத்தில் இல்லாத ஒரு சொற்றொடரை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். அந்தக் கோப்பு வந்தால் பெட்டி கோப்பின் உள்ளேயும் தேடுகிறது. வராவிட்டால் ஏற்றியவர் வைத்த தலைப்பை மட்டும் பார்க்கிறது. இந்தத் தளத்தில் தலைப்பு மட்டும்தான். விண்ணப்பத்தை ஏற்றியவர் "அப்ளிகேஷன் 2" என்று பெயர் வைத்திருந்தால், உள்ளே எவ்வளவு தெளிவாக அச்சாகியிருந்தாலும் பெட்டிக்கு அது கண்ணில் படாது. ஆனால் சுற்றறிக்கை எண்ணும் தேதியும் கையில் இருந்தால் இதே பெட்டி உடனே எடுத்துத் தருகிறது. ஏனென்றால் சுற்றறிக்கைகளுக்குத் தலைப்பே எண்ணும் தேதியும்தான். அதற்கு மட்டும் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன்.

கன்னடப் பக்கத்தில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருக்கின்றன இல்லையா, அதேபோல இங்கே நுடி என்ற கன்னட மென்பொருளின் பழைய எழுத்துருக்களில் அடித்தவை நிறைய. கண்ணுக்கு நல்ல கன்னடமாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அப்படிக் கொட்டினால், யூனிகோடு கன்னடத்தில் "ஜனன" என்று எத்தனை தடவை தேடினாலும் அந்தக் கோப்புக்குள் அகப்படாது. ஒரு வரியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், அதில் தேட எழுத்தே இல்லை.

மெனுவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் போகிற இரண்டு மூன்று இடங்களுக்குக் கை தானாகப் போகும், அவ்வளவுதான். படிவங்கள் "சேவைகள்" என்பதன் கீழே கொஞ்சம், "டவுன்லோட்ஸ்" கீழே கொஞ்சம், "சட்டங்களும் விதிகளும்" என்பதன் கீழே கெஜட்டின் கடைசிப் பக்கங்களில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. போனில் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது அடுக்கு திறப்பதே இல்லை. விரல் வைத்தால் இரண்டாம் அடுக்கின் பக்கத்துக்கே போய்விடுகிறது. கடைக்கு வந்து "அண்ணா, அந்த ஃபார்மே சைட்ல இல்ல" என்று சொன்ன பிள்ளைகளில் பல பேர் போனில் மட்டும் பார்த்தவர்கள்.

சைட்மேப்பை அதுவரை நான் தொட்டதில்லை. அன்று ராத்திரி வேறு வழியில்லாமல் சொடுக்கினேன். மொத்தத் தளமும் ஒரே நீளப் பக்கமாக விரிந்தது. மூன்றாம் நான்காம் அடுக்கு எல்லாம் மூடி மறைக்காமல் வரிசையாக இருந்தது. கன்ட்ரோல் எஃப் அழுத்தி `extract` என்று அடித்தேன். மூன்று இடங்கள். முதலாவது கட்டண விவரம், இரண்டாவது விதிகள், மூன்றாவது "டவுன்லோட்ஸ்" கீழே, "படிவங்கள்" கீழே, "இதர" என்ற தலைப்பின் கீழே. இதர! மெனுவில் நான் ஒருநாளும் அதைத் திறந்திருக்க மாட்டேன். உள்ளே போனால் ஐந்து பி.டி.எஃப். நான்காவது, நாம் தேடிய விண்ணப்பம்.

இங்கே பிரவுசரின் தேடலுக்கும் தளத்தின் தேடலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். கன்ட்ரோல் எஃப் சொல்லின் துண்டைக் கொடுத்தாலும் பிடிக்கும். அதனால் முழுச் சொல்லை அடிக்காமல் `avail`, `regist`, `extr` என்று அடித்துப் பழகிவிட்டேன். நடுவில் கோடு இருக்கிறதா, ஒருமையா பன்மையா என்ற தொல்லை இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம். சைட்மேப்பில் பக்கங்களின் பெயர்தான் இருக்கும், அந்தப் பக்கங்களுக்குள் இருக்கிற கோப்புகளின் பெயர் இருக்காது. ஆகவே படிவத்தின் பெயரோடு நிறுத்தாமல், அது உட்கார்ந்திருக்கக்கூடிய பக்கத்தின் பெயரையும் ஊகித்துத் தேட வேண்டும். பல தளங்களில் இந்தப் பக்கம் மெனுவிலிருந்து தானாக உருவாகிறது. மெனுவில் சேர்க்காமல் செய்தி ஓடும் பட்டையில் மட்டும் கட்டிவிட்ட கோப்பு இதிலும் வராது. ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் தனித்தனி சைட்மேப் என்பதால் ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கலாம்.

அதிலும் கிடைக்காதபோது வெளியே வந்து கூகுளில் இப்படிக் கேட்பேன்:

```
site:karnataka.gov.in filetype:pdf "non-availability"
```

இது மாநில அரசின் அந்த முகவரிக்குக் கீழே உள்ள எல்லாத் துறைத் தளங்களிலும் பி.டி.எஃப்களின் உள்ளேயும் தேடும். ஆனால் துறை கைவிட்ட பழைய கோப்பையும் சேர்த்தே கொண்டுவரும். கிடைத்த கோப்பு இன்றைக்குச் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

அதற்கு நான் பார்ப்பது உள்ளே இருக்கும் வாசகத்தை. பக்கத்தின் அடியில் "கடைசியாகப் புதுப்பித்தது" என்று வரும் தேதி பல சமயம் முழுத் தளத்துக்கும் பொதுவானது, கோப்பின் வயதை அது சொல்லாது. இந்தச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறந்து ஒரு வருஷம் கழித்துப் பதிய வேண்டுமென்றால் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இப்போது மாவட்ட மாஜிஸ்திரேட், அல்லது உட்கோட்ட மாஜிஸ்திரேட், அல்லது மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட். தாமதப் பதிவுக்கான தாளில் "முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்" என்று இருந்தால் அது பழைய தாள். அதே "இதர" பக்கத்தில் அப்படி ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாமல் எடுப்பவர்கள் எந்தக் கோர்ட்டு வாசலில் போய் நிற்பார்களோ என்று கவலையாக இருந்ததால், தளத்தின் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

கிடைத்ததைப் பாதுகாப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். பி.டி.எஃப்பின் முகவரியைக் குறித்து வைக்காதீர்கள். புதுக் கோப்பு ஏற்றினால் பெயர் மாறி, பழைய முகவரி செத்துப்போகும், அல்லது பழைய தாளையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பு இருக்கிற பக்கத்தைத்தான் குறித்து வைக்க வேண்டும். கூடவே ஒரு நகலை, எடுத்த தேதியைப் பெயரில் சேர்த்து, கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் பக்கத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பேன்.

அக்காவின் விண்ணப்பத்தில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை தேட வேண்டும் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அக்கா 1971 என்று ஒரே வருஷம் போடச் சொன்னார். ஆனால் அவர் அம்மாவுக்கு நினைவிருந்தது பொங்கல் கழிந்து கொஞ்ச நாள் என்பது மட்டும்தான். எந்த வருஷங்களைத் தேடினார்களோ அவற்றுக்குத்தான் "இல்லை" என்று சான்று தருவார்கள் என்பதால் 1970 முதல் 1972 வரை என்று எழுதினோம். மூன்று வாரம் கழித்து அக்கா ஒரு கவரோடு வந்து, மகளுக்கு அனுப்ப ஸ்கேன் செய்யச் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். நான் முதல் நாள் தப்பாக எடுத்துக் கொடுத்த அதே 10-ம் எண் படிவம், இந்தத் தடவை மூன்று வருஷமும் எழுதி, பதிவாளரின் முத்திரையோடு.