வீட்டுச் சாரதியின் லீவு: பதில் சாரதியைச் சொல்வதா, வீட்டாரிடமே விடுவதா, வாடகை வண்டியா?

திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளத்தில் கார் ஓட்டும் சாரதிக்குத் தொடர்ந்து சில நாள் லீவு தேவைப்பட்டால், வீட்டாரிடம் அவர் மூன்று விதமாகப் பேசலாம். லீவை மட்டும் கேட்டுவிட்டு, வண்டிக்கு என்ன வழி என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம். தனக்குத் தெரிந்த ஒருவரைப் பதில் சாரதியாகச் சொல்லலாம். அல்லது அந்த நாட்களுக்குச் சாரதியோடு வரும் வாடகை வண்டி ஒன்றைப் பேசிக்கொள்ளச் சொல்லலாம். நானும் இதே ஊரில் வீட்டுக் கார் ஓட்டுபவன். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவது வழியே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அதை எப்படிக் கேட்கிறோம், பணத்தை எப்படிப் பேசுகிறோம் என்பதில் கவனம் தவறினால், மூன்றிலும் சாரதிக்கு அதிக நட்டம் தருவதும் அதுவே.

உவர்மலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற ஐயா, நீரிழிவுக்காக ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வரும் அம்மா, வங்கியில் வேலை செய்யும் மகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மகளின் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். சாரதியின் தங்கைக்கு வவுனியாவில் கலியாணம். வியாழன் முதல் ஞாயிறு வரை அவர் அங்கே நிற்க வேண்டும். ஞாயிறு எப்படியும் ஓய்வு நாள் என்பதால், வீட்டாருக்கு இல்லாமற்போவது மூன்று வேலை நாட்கள். காலை 7.30க்கு முன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், அங்கிருந்து மகளை வங்கியில் இறக்க வேண்டும், பிற்பகல் 1.30க்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், மாலையில் ரியூசன். இவற்றோடு வெள்ளி காலை அம்மாவுக்குக் கிளினிக். சனி அதிகாலை கட்டுநாயக்காவில் வந்திறங்கும் மருமகனை அழைத்துவர வேண்டும்.

லீவை மட்டும் கேட்பது மரியாதையாகவும் சுருக்கமாகவும் தோன்றும். வீட்டில் வேறு யாராவது வண்டி ஓட்டக்கூடியவர் இருந்தால், அல்லது பள்ளிக்கூட விடுமுறைக் காலமாக இருந்தால், இதுவே போதுமானது. தேவையில்லாமல் ஒரு அந்நியரை வீட்டுக் காரில் ஏற்றிவிட வேண்டியதில்லை. ஆனால் நான் சொன்ன வீட்டில் சிக்கல் 1.30 மணியில் இருக்கிறது. அந்த நேரத்தில் மகளால் வங்கியை விட்டு எழுந்துவர முடியாது. ஐயாவுக்குக் கண் பார்வை முன்போல் இல்லை. லீவு கேட்ட அன்று “போயிட்டு வா தம்பி” என்று மனதார அனுமதித்தவர்கள், நாள் நெருங்கியதும் ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணிப் பார்த்துத் தடுமாறுவார்கள். கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, “சனி ஒரு நாள் மட்டும் போய் வந்தால் காணாதோ?” என்ற கேள்வி வரும். அது கெட்ட மனதால் வருவதன்று. எதிரில் வெறும் சாரதி இருக்கை மட்டுமே தெரியும்போது யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

பதில் சாரதியைச் சொல்லும் வழி அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே அதற்கு விடை தருகிறது. ஆனால் யாரைச் சொல்கிறோம் என்பதில் முதலில் பார்க்க வேண்டியது அனுமதிப்பத்திரம். சந்தியில் ஓட்டோ ஓட்டும் நண்பரே பலருக்கு உடனே நினைவுக்கு வருவார். அவர் கையில் இருப்பது பி1 வகுப்பு மட்டும் என்றால், அது முச்சக்கர வண்டிக்கானது. காரை ஓட்ட பி வகுப்பு இருக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே அது எந்தத் திகதி வரை செல்லும் என்று இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டே பெயரைச் சொல்ல வேண்டும். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு, அந்தச் சுமை வீட்டார் தலையில் விழும். ஆளைச் சொன்னவர் நாம் என்பதால், அவர்களுடைய வருத்தம் நம்மேல்தான் திரும்பும்.

அடுத்தது அந்த ஆளின் சொந்த நாட்கள். நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தமிழ்ச் சாரதிகள் எல்லோருமே லீவில் நிற்பார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் சாரதியோடு ஒப்பந்தம் இருந்தால், அவர் நமக்காக ஓட்டுவார், பெருநாளுக்கு அவருக்காக நாம் ஓட்டலாம். இப்படி மாறி மாறி உதவிக்கொள்ளும் இருவருக்கு, ஒருவர் மற்றவரின் வேலையைப் பறித்துக்கொள்வார் என்ற பயமும் குறைவு, ஏனென்றால் இருவருக்கும் சொந்தமாக ஒரு வீடும் ஒரு சம்பளமும் இருக்கின்றன. ஆனால் அவருடைய வீட்டாரும் அந்த நாட்களுக்கு அவரை விட வேண்டும். நாம் சொல்லும் வீட்டில் இடையில் ஒரு வெள்ளிக்கிழமையும் வருகிறது. மதியம் ஜும்ஆ முடிந்து 1.30க்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்றால், வழியிலுள்ள பள்ளிவாசல் எது, அங்கே தொழுகை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டு, பத்து நிமிடம் பிந்தினால் பிள்ளைகள் யாரோடு நிற்பார்கள் என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் நாள் நன்றாக ஓட்டியவர்மீது இரண்டாம் நாளே குறை வந்துவிடும்.

மூன்றாவது, அறிமுகம். தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போவதை அறிமுகம் என்று சொல்ல முடியாது. லீவுக்கு முந்திய கிழமையில் ஒரு நாள் காலை அவரை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வழக்கமான ஓட்டத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். பிற்பகல் ஓட்டத்தை அவர் ஓட்ட நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒழுங்கை முனையில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது மதில் எவ்வளவு நெருக்கம், அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் எந்தப் பக்கக் கதவை எந்தப் படியோடு ஒட்டி நிறுத்த வேண்டும், சின்னப் பிள்ளை ஆசிரியையின் கையிலிருந்துதான் வர வேண்டும், தானாக ஓடிவந்தால் ஏற்றக்கூடாது என்பன போன்றவை தாளில் எழுதி விளங்குவன அல்ல. தாளில் எழுத வேண்டியவை வேறு: திறப்பைக் கொடுக்கும்போது மீட்டர் காட்டிய இலக்கம், பெற்றோல் எவ்வளவு நின்றது, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் எங்கே, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் எந்த இடத்தில் இருக்கின்றன. காரின் நான்கு பக்கமும் படம் எடுத்து மூவரும் வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு கீறலுக்காக யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றித்தான் நம் சாரதிகள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள், அதனால் கெடுகிறார்கள். எடுத்துக்காட்டாக மாதச் சம்பளம் 60,000 ரூபா, மாதத்தில் 26 வேலை நாள் என்று வைத்தால், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 2,300 ரூபா வரும். நாட்கூலிக்கு வரும் பதில் சாரதி 3,500 ரூபா கேட்டால், மூன்று நாளுக்கு 10,500 ரூபா. “ஆளை நானே பார்த்துக்கொள்கிறேன், ஐயா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், அந்தக் கூலியையும் இவரே கொடுப்பார் என்று வீட்டார் நினைத்துக்கொள்வது இயல்பு. அப்படியானால் மூன்று நாள் லீவுக்கு அவர் நாலரை நாள் சம்பளத்தை இழக்கிறார். சம்பளத்தில் மூன்று நாளைக் கழித்துக்கொண்டு வீட்டாரே பதில் சாரதிக்குக் கொடுப்பதென்றால், சாரதிக்கு 6,900 ரூபா குறையும், வீட்டாருக்கு 3,600 ரூபா செலவு கூடும். சம்பளத்தோடு லீவு தரும் வீடுகளும் உண்டு. அங்கே முழுக்கூலியும் வீட்டாருடையது. இவற்றில் எது என்று லீவு கேட்கும் அன்றே பேசி முடிக்க வேண்டும். எந்த ஏற்பாடானாலும் கூலியைப் பதில் சாரதியின் கையில் வீட்டாரே நேராகக் கொடுப்பது நல்லது. நாம் இடையில் நின்றால், நாம் தரகு எடுத்தோமா என்ற எண்ணம் இரு பக்கமும் வரக்கூடும்.

வாடகை வண்டி இவற்றையெல்லாம் வேண்டாமென்று ஆக்குகிறது. வண்டி வாடகைக்காரருடையது, எண்ணெய் அவருடையது, பழுதும் அவருடையது. ஆனால் வண்டியும் எண்ணெயும் சேர்ந்த தொகை என்பதால் செலவு அதிகம். தவிரவும், இன்று வந்த சாரதியே நாளையும் வருவார் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புதியவர் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்வதை நான் விரும்பமாட்டேன். கட்டுநாயக்கா ஓட்டத்துக்கோ இதுவே சரியான வழி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறு மணி நேர அளவிலான பயணம் அது. இரவில் புறப்பட வேண்டும், ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும், திரும்பும்போது சாரதிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். பகல் முழுவதும் ஊருக்குள் ஓடிய பதில் சாரதியை, அதுவும் அவருக்குப் பழகாத காரில், அன்றிரவே அங்கே அனுப்பச் சொல்வது பொறுப்பான யோசனையாகாது. அந்த ஓட்டத்துக்கு அந்தப் பாதையில் அடிக்கடி போய்வரும் ஒரு வானைப் பேசச் சொல்லிவிட்டு, மற்ற ஓட்டங்களுக்குப் பதில் சாரதியை வைப்பதே அந்த வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடு.

கேட்கும் நேரமும் முறையும் மிச்சம் இருக்கின்றன. மூன்று நான்கு கிழமைக்கு முன்பே கேட்க வேண்டும். வண்டி ஓடும்போது வேண்டாம், விருந்தினர் முன்னால் வேண்டாம். மாலையில் காரை நிறுத்தித் திறப்பைக் கொடுக்கும்போது, ஐயாவும் மகளும் இருவரும் இருக்கும் நேரமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அனுமதி தருபவர் ஐயா, 1.30 மணியின் பாரம் மகளுடையது. சொல்லும் ஒழுங்கும் முக்கியம். லீவு முதலில், பதில் சாரதி பிறகு.

“ஐயா, வாற மாசம் தங்கச்சியின்ர கலியாணம், வவுனியாவில. வியாழன் தொடங்கி ஞாயிறு மட்டும் எனக்கு லீவு வேணும். அந்த நாளில பிள்ளையளின்ர ஓட்டத்துக்கு எனக்குத் தெரிஞ்ச றைவர் ஒராள் இருக்கிறார். லைசன்ஸ் பாத்திட்டன். நீங்கள் ஓம் எண்டால் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன், மிஸ்ஸும் ஒருக்கா பாருங்கோ. அவரின்ர கூலியை எப்பிடிச் செய்யிறது எண்டு இப்பவே கதைச்சு முடிப்பம்.”

இதில் லீவு பதில் சாரதியைச் சார்ந்து நிற்கவில்லை. “ஆள் கிடைத்தால் போகட்டுமா?” என்று தொடங்கியிருந்தால், ஆளை அவர்களுக்குப் பிடிக்காத கணத்தில் லீவும் போய்விடும். ஆளைப் பார்த்த பின் “வேண்டாம் தம்பி” என்று அவர்கள் சொன்னாலும், அது அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிய முடிவு. அதற்கு முகம் கோணக் கூடாது. அப்போது வழக்கமாக அந்த வீட்டுக்கு வரும் ஓட்டோக்காரரிடம் 1.30 ஓட்டத்தைப் பேசிவைக்கலாம், அம்மாவின் கிளினிக் திகதியை ஒரு கிழமை தள்ளிக் கேட்க முடியுமா என்று பார்க்கச் சொல்லலாம், வானின் முற்பணம் கொடுத்தாயிற்றா என்று நினைவூட்டலாம். வியாழன் காலை வவுனியா பஸ் ஏறுவதற்கு முதல்நாள், காரில் எண்ணெய், தண்ணீர், டயர் காற்று மூன்றையும் பார்த்து, திறப்பை ஐயாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம்.