கேட்லாக் படம் எடுக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் சுங்குடிப் புடவைகளைச் சொந்தப் பெயர் போட்டு ஆன்லைனில் விற்கிறேன். தீபாவளி கேட்லாக்கை ஒரு போட்டோகிராபரிடம் கொடுத்தேன். புடவைக்கு 250 ரூபாய். படங்கள் பளிச்சென்று வந்தன, மீதிப் பணமும் கொடுத்தாயிற்று. ஆர்டரும் வந்தது. அப்புறம் அரக்கு நிறப் புடவைகள் வரிசையாகத் திரும்பி வந்தன. "சிவப்புன்னு வாங்கினேன், இது பழுப்பால்ல இருக்கு" என்று ஒரே பேச்சு.

அவரிடம் கேட்டால், "அது அவங்க போன் டிஸ்பிளே அக்கா" என்றார். போனுக்குப் போன் நிறம் கொஞ்சம் மாறும்தான். ஆனால் ஒரே படத்துக்குள்ளேயே மாறுமா? சுங்குடியின் புள்ளி சாயம் ஏறாத வெள்ளைத் துணி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் விரித்த முந்தானையில் புள்ளிகள் லேசாக நீலம். கொசுவத்தின் பக்கம் அதே புள்ளிகள் மஞ்சள்.

ஜன்னல் வெளிச்சம் போதாதென்று அறையின் மஞ்சள் எல்இடி பல்புகளையும் எரியவிட்டிருக்கிறார். இரண்டு வெளிச்சம் ஒரே துணியில் விழுந்தால், வெள்ளை வெள்ளையாகவே தெரிய கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸை ஒரு பக்கத்துக்குச் சரிசெய்யும்போது மறுபக்கம் கெடும். அவர் அதையும் ஆட்டோவில் விட்டிருந்ததால் படத்துக்குப் படம் நிறம் வேறு. கடைசியில் பளிச்சென்று தெரிய சாச்சுரேஷனை ஏற்றிவிட்டார். அரக்கு சிவப்பானது அங்கேதான். கேமரா பதிந்த திருத்தாத மூலப் பதிவான ரா ஃபைல் இருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம் என்று கேட்டேன். "அழிச்சாச்சு" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து போனை எடுப்பதில்லை.

பிறகு திருநகரில் ஒரு தம்பி எடுத்துக் கொடுத்தார். அவரிடம் பெரிய சாமான் எதுவும் இல்லை. எல்லா விளக்கையும் அணைத்தார். நேர்வெயில் விழாத வடக்கு ஜன்னல், பின்னால் சாம்பல் நிறத் துணி, நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். முதல் படத்தில் புடவை மேல் நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டை வைத்து எடுத்து, அதற்கு ஒயிட் பேலன்ஸைப் பூட்டினார். மேகம் மறைத்து வெளிச்சம் மாறினால் கார்டை மறுபடி வைத்தார். லேப்டாப்பில் திருத்தும்போது புடவையைப் பக்கத்திலேயே போட்டு ஒப்பிட்டார். மயில்கழுத்து நிறம் மட்டும் ஒரு படத்தில் அடங்கவில்லை. ஊடும் பாவும் வேறு நிறம் என்பதால் கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. அதற்கு இரண்டு கோணம் போட்டோம்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரே ஓர் அரக்குப் புடவையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புடவையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள், புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரா ஃபைலும் சேர்த்துத்தான் ரேட் என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.