ஏர்கான் கடையில் “14.4” என்று சொன்னால் எதனால் வகுத்த எண் என்று கேளுங்கள்

எங்கள் வீவக வீட்டின் வரவேற்பறைக்குப் புதிய ஏர்கான் வாங்கச் சென்ற கடையில் என்னிடம் சொல்லப்பட்ட இரண்டு எண்களுமே ஏமாற்று என்பது பொருத்தி முடித்த பிறகுதான் தெரியவந்தது. அதே பேச்சை இன்னும் பலரிடம் அந்தக் கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

விற்பனையாளர் இரண்டு இயந்திரங்களைக் காட்டினார். முதலாவதை “1.5 டன், திறன் 14.4” என்றார். சற்று விலை கூடிய இரண்டாவதன் விவரத்தாளில் சிஓபி 4.8 என்று இருந்தது. “அண்ணே, அது வெறும் 4.8, இது 14.4. கரண்ட் பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்” என்று தயங்காமல் சொன்னார்.

டன் என்பது இங்கே இயந்திரத்தின் எடையன்று. பனிக்கட்டி வணிகம் நடந்த காலத்து அளவு அது: 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் குளிரூட்டல். மணிக்கு 12,000 பிடியூ என்றும், சுமார் 3.52 கிலோவாட் என்றும் சொல்வது இதே அளவைத்தான். ஆகவே 1.5 டன் என்றால் மணிக்கு 18,000 பிடியூ, அதாவது 5.28 கிலோவாட் இருக்க வேண்டும். இது வெளியேற்றப்படும் வெப்பத்தின் அளவே தவிர, இழுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் கடைக்காரருக்கு வசதியான வாடிக்கையாளர்கள்.

வெளியேற்றும் வெப்பத்தை இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது திறன். இரண்டையும் வாட்டிலேயே வைத்து வகுத்தால் அது செயல்திறன் கெழு, சுருக்கமாகச் சிஓபி. வெப்பத்தை மட்டும் மணிக்கு இத்தனை பிடியூ என்று வைத்து, மின்சாரத்தை வாட்டில் வைத்து வகுத்தால் அது ஆற்றல் திறன் விகிதம், சுருக்கமாக ஈஈஆர். ஒரு வாட் என்பது மணிக்கு 3.412 பிடியூ. அதனால் ஒரே இயந்திரத்தின் ஈஈஆர் அதன் சிஓபியைப் போல எப்போதும் 3.412 மடங்காகத் தெரியும். ஒருவரின் உயரத்தை அங்குலத்திலும் மற்றவரின் உயரத்தை அடியிலும் சொல்லி, முன்னவர்தான் நெட்டை என்று வாதிடுவதைப் போன்றதுதான் அந்த விற்பனையாளர் செய்தது. 14.4ஐ 3.412ஆல் வகுத்தால் 4.22 வருகிறது. அவர் புகழ்ந்த இயந்திரம் அவருடைய சொந்தக் கணக்கின்படியே 4.8ஐவிடக் குறைவு.

(சிஓபி ஒன்றுக்கு மேல் எப்படி வரும் என்று சிலர் கேட்பதுண்டு. ஏர்கான் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறது. அதற்குச் செலவாகும் மின்சாரம், தள்ளப்படும் வெப்பத்தைவிடக் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.)

கதை அங்கே முடியவில்லை. மதிய வெயிலில் அறை குளிராமல் போகவே, நான் வாங்கிப் பொருத்திய அந்த முதல் இயந்திரத்தின் வெளிப்புற யூனிட்டில், பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். குளிரூட்டும் திறன் 4.69 கிலோவாட், மின் உள்ளீடு 1,250 வாட் என்று அதில் தெளிவாகப் பொறித்திருந்தது. 4.69 கிலோவாட் என்பது மணிக்கு 16,000 பிடியூ, அதாவது 1.33 டன். அதை 1.5 என்று உயர்த்திச் சொல்லி, அந்தக் கற்பனையான 18,000ஐ 1,250ஆல் வகுத்துத்தான் 14.4 என்ற எண்ணையே உருவாக்கியிருக்கிறார்கள். உண்மையான ஈஈஆர் 12.8, சிஓபி 3.75.

அதே 4.69 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, சிஓபி 4.8 உள்ள இயந்திரத்திற்கு ஏறத்தாழ 980 வாட் போதும். வித்தியாசம் 270 வாட். தினமும் 8 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் மாதம் 65 யூனிட் கூடும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 19 வெள்ளி. இன்வெர்ட்டர் இயந்திரம் எல்லா நேரமும் முழுச் சுமையில் ஓடாது என்பதால் நடைமுறையில் தொகை குறையலாம். ஆனாலும் பில் மூன்றில் ஒரு பங்காகும் என்ற பேச்சுக்கு இதில் எங்கே இடம்?

கடையில் கேட்டபோது, “1.5 டன் வகை” என்றுதான் ரசீதில் எழுதியிருக்கிறோம், “1.5 டன்” என்று எழுதவில்லை என்றார்கள்.

இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் எரிசக்திச் சிட்டையில் இன்வெர்ட்டர் இயந்திரங்களுக்குக் காட்டப்படும் சிஓபி, முழுச் சுமையிலும் பாதிச் சுமையிலும் கிடைத்த முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. பாதிச் சுமையில் இயந்திரம் பொதுவாகத் திறம்பட ஓடுவதால் இந்த எண் தகட்டுக் கணக்கைவிடப் பெரிதாக இருக்கும். எனவே சிட்டை எண்ணைச் சிட்டை எண்ணோடும், தகட்டு எண்ணைத் தகட்டு எண்ணோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், குளிரூட்டும் திறனையும் மின் உள்ளீட்டையும் கிலோவாட்டில், மாடல் எண்ணுடன் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். “வகை”, “ஏறத்தாழ” போன்ற சொற்கள் இருந்தால் அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.