பில்லிங் வேலை ரெஸ்யூம்: வேகம் மேலே வரணுமா, கல்லா கணக்கா?

தக்கலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு வருடம் பில் போட்டேன். நாகர்கோவிலில் வேலை தேடியபோது இரண்டு ரெஸ்யூம் தயார் செய்தேன். ஒன்றில் முதல் வரியாக வேகம், மற்றதில் கல்லா கணக்கு. பில்லிங் மென்பொருள், ஸ்கேனர், கார்டு மெஷின் பழக்கமெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். மலையாளம் பேசுவேன் என்பதையும் இரண்டிலும் எழுதினேன். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் வேலை தேடுகிறவர்கள் அதை விட்டுவிடக்கூடாது.

வேகத்தை எழுதுவது சுலபம்: "ஒரு நாளைக்கு 180 பில்." ஆனால் பார்கோடு உள்ள பிஸ்கட் பாக்கெட்டும், எடை போட வேண்டிய காய்கறியும் ஒரே வேகத்தில் நகராது. கடைக்குக் கடை கூட்டமும் வேறு. எப்படியும் கவுண்டரில் உட்கார வைத்துப் பார்த்துவிடுவார்கள்.

நான் அனுப்பியது இரண்டாவதை. அதன் முதல் வரி: "தினமும் கல்லா முடித்து ஒப்படைப்பேன், குறைவோ கூடுதலோ வந்தால் காரணம் கண்டுபிடித்துச் சொல்வேன்." பழைய கடைக்கு ஒரு போன் போட்டால் இது உண்மையா என்று தெரிந்துவிடும். அதனால்தான் இதற்கு மதிப்பு.

அதற்குக் கீழே ஒரு நாள் நடந்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அன்றைய முழுக் கணக்கு இது: காலையில் சில்லறை 2,000 ரூபாய். ரொக்க பில் 31,460. திருப்பி வந்த பொருளுக்குக் கொடுத்தது 260. அப்படியென்றால் கல்லாவில் 33,200 இருக்க வேண்டும். எண்ணினால் 32,720, அதாவது 480 குறைவு. பதறாமல் யுபிஐ கணக்கைப் பார்த்தேன். சிஸ்டத்தில் 18,450, வந்திருந்தது 18,930. அதே 480 அங்கே கூடுதல்! ஜிபேயில் பணம் வந்த ஒரு பில்லை ரொக்கம் என்று பதிந்திருந்தேன். பணம் எங்கும் போகவில்லை.

யுபிஐ கணக்கு சரியாக இருந்து கல்லாவில் மட்டும் 400 குறைந்தால் கதை வேறு. 100 ரூபாய் நோட்டை 500 என்று நினைத்து பாக்கி கொடுத்திருக்கலாம். வாங்கிய நோட்டை பாக்கி கொடுத்து முடிக்கும்வரை கல்லாவுக்குள் போடாமல் வெளியே வைத்தால் இது குறையும்.

ஒரு விஷயம், பழைய கடையின் விற்பனைத் தொகையை ரெஸ்யூமில் போடாதீர்கள். ரெஸ்யூமில் நான் அந்த 480 என்ற வித்தியாசத் தொகையை மட்டும்தான் எழுதினேன். பெரிய செயின் கடைகளில் வேகத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

நேர்காணலில் மேலாளர் விரல் வைத்தது அந்த 480-இல்தான். "பில்லை நீங்களே திருத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். அவங்க பாஸ்வேர்டு போட்டு மாத்தினாங்க."

"திங்கட்கிழமை வந்திருங்க" என்றார்.