கினிக்கோழி முட்டை: புதரில் தேடுவதா, கொட்டகையிலேயே இட வைப்பதா?

வளர்ந்த கினிக்கோழியை வெயிலும் நோயும் சுலபத்தில் சாய்த்துவிடாது. பகலெல்லாம் பூச்சி, புல் விதை என்று மேய்ந்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். சிக்கல் முட்டையில்தான். ஆள் கண்ணில் படாத புதரடியில் இரண்டு மூன்று பெட்டைகள் ஒரே குழியில் இட்டு வைக்கும். என்னிடம் 3 சேவல், 12 பெட்டை. இரண்டு வழிகளிலும் வளர்த்துப் பார்த்தேன்.

முதல் வருடம் விடிந்ததுமே திறந்துவிட்டேன். தீவனச் செலவு குறைந்தது, ஆனால் முட்டை தேடுவதே வேலையாகிவிட்டது. கூட்டத்தின் பின்னால் நடந்தால் அவை நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தூரத்தில் அசையாமல் உட்கார்ந்து சேவலைப் பார்க்க வேண்டும். நண்பகலையொட்டி ஒரு சேவல் மட்டும் ஒரே இடத்தில் காவல் நின்றால், பெட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படித்தான் வரப்போரக் கோரைக்குள் 27 முட்டை கிடைத்தது. சந்தோஷத்தில் மொத்தத்தையும் அள்ளிவிட்டேன். மறுநாள் முதல் அங்கே ஒன்றுகூட இல்லை, இடத்தை மாற்றிவிட்டன. நான்கைந்து முட்டையில் பென்சிலால் கோடு போட்டு விட்டுவைத்து, கோடு இல்லாததை மட்டும் தினமும் எடுத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் முட்டைப் பருவத்தில் மட்டும் மதியம் 2 மணி வரை அடைத்து வைத்தேன். பெரும்பாலானவை அதற்குள் இட்டுவிடும். நாட்டுக்கோழிக்கு வைக்கிற கூடையை இவை அவ்வளவாகச் சீண்டவில்லை. மூலையில் தென்னங்கீற்றைச் சாய்த்து, உள்ளே வைக்கோல் பரப்பியதும் அந்த இருட்டில் போய் இட்டன. காலை மேய்ச்சல் இல்லாமல் போனதால் தீவனம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. அப்புறம், பொழுது சாயும் முன் கம்பு இறைத்துக் கூப்பிட்டுப் பழக்காவிட்டால் மரத்தில் ஏறிவிடும். அங்கே இரவில் ஆந்தைக்கு இரையாகும்.

இருந்தாலும் என் ஓட்டு அடைத்து வைப்பதற்குத்தான். தோட்டத்தில் ஒளிந்து அடைகாக்கும் பெட்டை கீரிக்கும் நாய்க்கும் சுலபமாக அகப்படும். தப்பிக் குஞ்சு பொரித்தாலும், பனி காயாத புல்லில் இழுத்துக்கொண்டு ஓடும். நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துச் சாகும். ஒரு தாய் 14 குஞ்சோடு வந்தது, நான்காம் நாள் 3தான் மிச்சம்.

கொட்டகை முட்டையில் இன்னொரு வசதி, எந்த நாள் இட்டது என்று தெரியும். ஒரு வாரத்துக்குள் 15 முட்டையை அடைக்கோழியாக இருக்கும் நாட்டுக்கோழிக்கு வைக்கிறேன். கூடவே அதன் சொந்த முட்டையை வைக்கக் கூடாது. அவை 21 நாளில் பொரிந்துவிடும், தாய் அந்தக் குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். கினி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். பொரிந்த குஞ்சுகளை முதல் ஆறு வாரம் ஈரத்தரையில் விடுவதில்லை.