ஈரோட்டில் உத்தரவாதம் தர மறுத்த உணவியலாளர்

அம்மாவின் சர்க்கரைக்காக முதலில் போன இடத்தில் சுவர் முழுக்க இளைத்தவர்களின் படங்கள். மாத்திரையில்லாமல் குணமாக்குவதாக அடியில் உறுதிமொழி. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது என்பதை அங்கே யாரிடம் சொல்வது? எரிச்சலோடுதான் ஈரோட்டிலுள்ள இரண்டாம் ஆலோசகரிடம் சென்றோம்.

அவர் அறையில் படமே இல்லை. முதுகலைப் பட்டமும், இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்து வழங்கும் ஆர்.டி. எனும் பதிவுபெற்ற உணவியலாளர் தகுதியின் பதிவெண்ணும் பலகையில் இருந்தன. பெரியவர்களின் நீரிழிவு, கர்ப்பகாலச் சர்க்கரை, எடை குறைந்த குழந்தைகள் ஆகியவற்றுக்கு ஆலோசனை உண்டு என்றும், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் கடிதத்தோடு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் வசிக்கும் லண்டனில் ‘டயட்டீஷியன்’ என்ற பெயரையே பதிவு இல்லாதவர் பயன்படுத்த முடியாது, பதிவேட்டை யாரும் பார்த்துக்கொள்ளலாம். இங்கோ 2021-இல்தான் இத்துறையையும் உள்ளடக்கிய சட்டம் வந்தது என்பதால், பலகையை நான் இருமுறை படித்தேன்.

அவரிடம் பயன்பெற்ற ஒருவரிடமாவது பேசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். நோயாளிகளின் விவரம் அவர்களுடையது, ஒருவருக்குக் கிடைத்த பலன் இன்னொருவருக்கு உத்தரவாதமும் ஆகாது என்று மறுத்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இதுதானா பதில் என்று எனக்குச் சுருக்கென்றது.

பிறகு மூன்று நாள் உணவுக் குறிப்பைக் கையில் எடுத்தார். சர்க்கரைக்கு நல்லது என்று அம்மா காலையில் பெரிய டம்ளர் நிறைய ராகிக் கஞ்சி குடிப்பார். அதன்மேல் இட்லியும் உண்டு. கஞ்சிக்கு எத்தனை கரண்டி மாவு என்று கேட்டு, குவித்து நான்கு என்றால் ஏறத்தாழ 60 கிராம், அதில் மூன்று இட்லிக்குக் குறையாத மாவுச்சத்து இருக்கிறது என்று கணக்கிட்டார். ராகியில் நார்ச்சத்து இருந்தாலும், நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது அது விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்றார். “ஏனுங்க அம்மிணி, அப்ப ராகியும் ஆகாதுங்களா?” என்று அம்மா கேட்க, கஞ்சியோ இட்லியோ ஒன்று போதும், கூடவே ஒரு கிண்ணம் அவித்த பச்சைப்பயறு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

ஆனால் அந்த மாற்றத்தை அன்றே தொடங்க விடவில்லை. அம்மா சாப்பிடும் கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் கை நடுக்கமும் வரக்கூடும். அளவை மாற்றுவது தன் வேலையல்ல என்று அவர் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லண்டனில் இத்தகைய கடிதம் கணினி வழியே போய்விடும்; இங்கே நானே எடுத்துக்கொண்டு கோபிசெட்டிபாளையத்துக்குப் போய், மருத்துவரின் வாசலில் மதியம் முழுக்கக் காத்திருந்தேன். அவர் மாத்திரையைக் குறைத்து எழுதித் தந்த பிறகே புதிய உணவு முறை தொடங்கியது.

பலன் என்னவென்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்ல இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஹெச்பிஏ1சி பரிசோதனை ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், அதுவரை எதையும் முடிவு செய்யவேண்டாம் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார்.